பன்னிரண்டு கிலோ குழந்தைக்கு அவசரமாக டியூப் போடும்போது: ஒவ்வொரு மருந்துக்கும் ஏன் தனிக் கணக்கு

நான்கு வயதுப் பெண் குழந்தை. நான்கு நாள் காய்ச்சல், இருமல். அவசரப் பிரிவுக்குத் தூக்கி வரும்போதே மூக்கு விடைக்கிறது, விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளே இழுக்கிறது. நாடித்துடிப்பு 168. கை கால் சில்லென்று இருக்கிறது, நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப ஐந்து நொடி ஆகிறது. ஆக்சிஜன் கொடுத்தும் அளவு 86-ஐத் தாண்டவில்லை. நிமோனியாவோடு செப்டிக் ஷாக். சலைன் போலஸ் ஏறிவிட்டது, அட்ரினலின் சொட்டும் ஓட ஆரம்பித்துவிட்டது, ஆனால் குழந்தை சோர்ந்துகொண்டே போகிறது. டியூப் போட வேண்டும் என்று முடிவாகிறது.

இது ஓர் உதாரணக் குழந்தை. ஆனால் குழந்தைகள் வார்டில் ஒரு மாதம் ட்யூட்டி பார்த்த யாருக்கும் இந்த முகம் தெரிந்திருக்கும். இந்த ஒரு குழந்தைக்கான மருந்துகளை மட்டும் நிதானமாகக் கணக்கிட்டுப் பார்க்கப் போகிறோம். டியூப் போடப் பயிற்சி பெற்ற, அல்லது பெற்றுக்கொண்டிருக்கும் டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் எழுதுவது இது. உங்கள் மருத்துவமனையின் நெறிமுறையில் வேறு எண் இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் எடை

தராசு கையெட்டும் தூரத்தில் இருந்தால், அம்மாவைக் குழந்தையோடு நிற்கவைத்து, பிறகு தனியாக நிற்கவைத்துக் கழித்துக்கொள்ளுங்கள். முப்பது நொடி வேலை. அதற்கும் வழியில்லை என்றால்தான் சூத்திரம். ஒரு வயதுக்கு மேல் பலரும் மனப்பாடமாக வைத்திருப்பது (வயது + 4) × 2. நம் குழந்தைக்கு அது 16 கிலோ என்று சொல்லும்.

தராசு சொன்னது 12.

நம் ஊரில் இது அபூர்வம் இல்லை. வயதை வைத்துப் போடும் சூத்திரமும், நீளத்தை வைத்து அளக்கும் வண்ணப் பட்டை நாடாவும் வேறு நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து உருவானவை. மெலிந்த குழந்தையிடம் இரண்டுமே எடையைக் கூட்டிச் சொல்லக்கூடும். 12-க்குப் பதில் 16 என்று எடுத்தால் எல்லா மருந்தும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் போகும். தசை தளர்த்தும் மருந்தில் அதைச் சமாளித்துவிடலாம். ஷாக்கில் இருக்கும் குழந்தைக்கு மயக்க மருந்தில் அது இரத்த அழுத்தத்தையே சரித்துவிடும்.

ஆனால் டியூபின் அளவுக்கு இந்த 12 கிலோவைப் பார்க்காதீர்கள். மூச்சுக்குழாயின் அகலம் சதைப்பிடிப்பைப் பொறுத்தது அல்ல, வளர்ச்சியைப் பொறுத்தது. கஃப் உள்ள டியூப் என்றால் வயதை நான்கால் வகுத்து 3.5 கூட்டுங்கள்: 4.5. அதோடு அரை அளவு சிறியதும் பெரியதும் பக்கத்தில் இருக்கட்டும். உதட்டருகே 13.5 செ.மீ., அதாவது டியூப் அளவைப் போல மூன்று மடங்கு. ஒரே குழந்தைக்கு மருந்துக்கு ஒரு அளவுகோல், டியூபுக்கு வேறு அளவுகோல்.

மில்லி என்றால் எது?

ஒவ்வொரு மருந்துக்கும் கணக்கு இரண்டு படி. எடையை ஒரு கிலோவுக்கான டோஸால் பெருக்கினால் மில்லிகிராம் வரும். அதை, ஒரு மி.லி.யில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பதால் வகுத்தால் சிரிஞ்சில் இழுக்க வேண்டிய அளவு வரும்.

```
மி.லி. = (எடை × ஒரு கிலோவுக்கான டோஸ்) ÷ ஒரு மி.லி.யில் உள்ள மருந்து
```

அவசரத்தில் இந்த இரண்டு படியும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அதற்கு நம் பேச்சும் ஒரு காரணம். நாம் "மில்லி" என்போம். கடையில் பால் வாங்கும்போது அது மி.லி.தான், சந்தேகமே இல்லை. வார்டில் ஒருவர் "ரெண்டு மில்லி கொடுங்க" என்றால் அது மில்லிகிராமா, மி.லி.யா? மிடாசோலம் வயல் சில இடத்தில் மி.லி.க்கு 1 மி.கி., சில இடத்தில் 5 மி.கி. முதல் வயலில் இரண்டு அர்த்தமும் ஒன்றுதான், தப்பு வெளியே தெரியாது. இரண்டாவது வயலில் ஐந்து மடங்கு போய்விடும். அதனால் வாய்விட்டுச் சொல்லும்போது "எம்.ஜி.", "எம்.எல்." என்று இரண்டையும் முழுதாகச் சொல்வதே நல்லது. "கேட்டமின் பன்னிரண்டு எம்.ஜி., ஒன் பாயின்ட் டூ எம்.எல்." சிஸ்டர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். "சரிங்க சார்" என்பது பதில் ஆகாது.

கேட்டமின்: குறைக்க வேண்டியது

நன்றாக இரத்த ஓட்டம் உள்ள குழந்தைக்கு டியூப் போடும்முன் கேட்டமின் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. ஷாக்கில் 0.5 முதல் 1 மி.கி. நம் குழந்தைக்கு கிலோவுக்கு 1 என்று எடுத்தேன். 12 மி.கி.

கேட்டமின் இரத்த அழுத்தத்தைக் காப்பாற்றும் மருந்தாயிற்றே, அதை ஏன் குறைக்க வேண்டும் என்று ஒவ்வொரு பேட்சிலும் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. கேட்டமின் நேரடியாக இதயத்தைத் தூண்டுவதில்லை. உடலிலேயே இருக்கும் அட்ரினலின் வகை ஹார்மோன்களை வெளியே தள்ளித்தான் தூண்டுகிறது. நாள்கணக்கில் போராடிய குழந்தையிடம் அந்தக் கையிருப்பு தீர்ந்திருக்கும். அப்போது கேட்டமின் இதயத்தைத் தளர்த்தும் அதன் இன்னொரு முகத்தைக் காட்டும். அப்புறம், ஷாக்கில் உடல் தோலுக்கும் தசைக்கும் போகும் இரத்தத்தைக் குறைத்து மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகிறது. ஊசியில் போகும் மருந்தில் வழக்கத்தைவிடப் பெரிய பங்கு மூளைக்குப் போய்ச் சேரும். குறைந்த டோஸே போதும் என்பதற்கு அதுதான் காரணம்.

இனி இழுப்பது. நம்மிடம் பெரும்பாலும் இருப்பது மி.லி.க்கு 50 மி.கி. உள்ள கேட்டமின். 12-ஐ 50-ஆல் வகுத்தால் 0.24 மி.லி. கால் மி.லி.கூட இல்லை.

நான் மேற்படிப்புப் படித்த காலத்தில் இப்படி ஒரு குழந்தைக்கு 0.2 மி.லி.யை நீர்க்காமல் அப்படியே போட்டேன். குழந்தை தூங்கவில்லை. இன்னொரு 0.2 போட்டேன். பிறகு அடுத்த மருந்து உள்ளே போன அழுத்தத்தில் இரண்டும் சேர்ந்து போய் இரத்த அழுத்தம் இறங்கியது. முதல் டோஸ் குழந்தையிடம் போகவே இல்லை. மூன்று வழித் திருகுக்கும் கையில் குத்தியிருந்த வென்ஃப்ளானுக்கும் இடையிலிருந்த நீட்டுக் குழாயிலேயே நின்றிருந்தது. அந்தக் குழாயின் கொள்ளளவே அரை மி.லி.க்கு மேல்.

ஆகவே 1 மி.லி. கேட்டமினை எடுத்து, 4 மி.லி. சலைனோடு கலந்து 5 மி.லி. ஆக்குங்கள். இப்போது மி.லி.க்கு 10 மி.கி. நம் குழந்தைக்கு 1.2 மி.லி. பின்னாலேயே 5 மி.லி. சலைன் தள்ள வேண்டும். கலக்கும்முன் ஆம்ப்யூலின் மேல் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படியுங்கள். கேட்டமின் மி.லி.க்கு 10 மி.கி. அளவிலும் வருகிறது. அதை 50 என்று நினைத்து நீர்த்தால் குழந்தைக்கு ஐந்தில் ஒரு பங்குதான் போகும்.

ரோகுரோனியம்: கூட்ட வேண்டியது

சாதாரணமாகக் கிலோவுக்கு 1 மி.கி. போதும். ஷாக்கில் 1.2. நம் குழந்தைக்கு 14.4 மி.கி. வயல் மி.லி.க்கு 10 மி.கி., நீர்க்க வேண்டாம். 1.4 மி.லி.

இந்த மொத்தக் கணக்கிலும் பலருக்கு இடறும் இடம் இதுதான். ஒரே குழந்தை, ஒரே ஷாக். மயக்க மருந்தைக் குறைத்தோம், தசை மருந்தைக் கூட்டினோம். "ஷாக் என்றால் எல்லாவற்றையும் பாதியாக்கு" என்று மனத்தில் பதிந்திருந்தால் இது புரியாது.

மயக்க மருந்து வேலை செய்யுமிடம் மூளை. அங்கே ஷாக்கில் இரத்தம் கூடுதல் பங்கு போகிறது. தசை மருந்து வேலை செய்யுமிடம், பெயரே சொல்வதுபோல, தசை. உடல் தண்ணீரை அடைத்த வாய்க்காலே அதுதான். மருந்து அங்கே போய்ச் சேரத் தாமதமாகும். டோஸைக் கூட்டினால் அந்தத் தாமதத்தை ஓரளவு ஈடுகட்டலாம். ரோகுரோனியம் இரத்த அழுத்தத்தை இறக்குவதும் இல்லை. கூட்டியதற்கு நாம் கொடுக்கும் விலை, தளர்ச்சி நீண்ட நேரம் நிற்பது மட்டும்தான். எப்படியும் வென்டிலேட்டரில் போடப்போகும் குழந்தைக்கு அது பெரிய விலை இல்லை. ஆனால் தொண்டைக்குள் டியூப் போகாது என்ற சந்தேகம் முன்கூட்டியே இருந்தால் விஷயம் வேறு. மூச்சைத் தானாக இழுக்கும் சக்தியை அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துவிடுகிறோம். அந்தச் சூழலில் மயக்க மருந்து நிபுணரைக் கூப்பிடாமல் ரோகுரோனியத்தைத் தொடாதீர்கள்.

தப்பு எப்படித் தெரியும்? மருந்து குறைவாகப் போயிருந்தால் ஒரு நிமிடம் கழித்தும் தாடை இறுகியிருக்கும், லாரிங்கோஸ்கோப் வைத்ததும் குழந்தை இருமும், குரல்நாண்கள் அசையும். அப்போது பிளேடை அழுத்தாமல் வெளியே எடுத்து, ஆம்பு பேக்கில் மூச்சுக் கொடுத்து, இன்னும் அரை நிமிடம் காத்திருங்கள். ஷாக்கில் 60 நொடி என்பது 90 நொடியாக நீளலாம்.

ஸ்கோலின் இருந்தால்

ரோகுரோனியம் இல்லாத இடங்களில் சக்சினைல்கோலின், நம் வாய்வழக்கில் ஸ்கோலின், இருக்கும். இதற்குக் கணக்கு வேறு: இரண்டு வயதுக்குள் கிலோவுக்கு 2 மி.கி., அதற்கு மேல் 1 முதல் 1.5 மி.கி. சின்னக் குழந்தைக்கு ஏன் கூடுதல்? இந்த மருந்து கொழுப்பில் கரையாது. செல்லுக்கு வெளியே உள்ள நீரில்தான் பரவும். பிறந்த குழந்தையின் எடையில் அந்த நீர் ஏறக்குறைய 40 சதவீதம், பெரியவர்களில் 20 சதவீதம்தான். ஒரே உப்பைச் சின்னப் பாத்திரத்திலும் பெரிய பாத்திரத்திலும் போட்டால் எது கரிக்கும் என்பதே கணக்கு. கைக்குழந்தை, தன் எடைக்குப் பெரிய பாத்திரம்.

நம் நான்கு வயதுக் குழந்தைக்கு 1.5 என்று எடுத்தால் 18 மி.கி. வயல் மி.லி.க்கு 50 மி.கி.; கேட்டமினைப் போலவே ஐந்து மடங்கு நீர்த்தால் 1.8 மி.லி. ஆனால் பொட்டாசியம் கூடியிருக்கலாம் என்ற சந்தேகம், சில நாட்களுக்கு முந்தைய தீக்காயம், தசைநோய் இருந்தால் இந்த மருந்து வேண்டாம். கண்டுபிடிக்கப்படாத தசைநோய் உள்ள சிறுவர்களுக்கு இதைப் போட்டுப் பொட்டாசியம் எகிறி இதயம் நின்ற நிகழ்வுகளால்தான் 1990-களில் அமெரிக்காவில் இதன் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிடச் சொன்னார்கள். "இவன் நடக்கப் பழகியது தாமதமா? மாடிப்படி ஏறச் சிரமப்படுவானா?" என்று அம்மாவிடம் கேட்க ஐந்து நொடி போதும்.

எந்த எடையைக் கணக்கில் எடுப்பது என்பதும் மருந்துக்கு மருந்து மாறும். எட்டு வயதில் 45 கிலோ உள்ள குண்டுப் பையன் வந்தால், ஸ்கோலினுக்கு அந்த 45 கிலோவையே எடுங்கள். ரோகுரோனியத்துக்கும் கேட்டமினுக்கும் அவன் உயரத்துக்கு இருக்க வேண்டிய எடையை, சுமார் 25 கிலோவை எடுங்கள். மெலிந்த குழந்தைக்கு இந்தக் கேள்வி எழாது, தராசு எடைதான்.

அட்ரோபின்

கிலோவுக்கு 0.02 மி.கி., உச்சவரம்பு 0.5 மி.கி. நம் குழந்தைக்கு 0.24 மி.கி. ஆம்ப்யூல் மி.லி.க்கு 0.6 மி.கி., ஆக 0.4 மி.லி. எல்லாக் குழந்தைக்கும் போட வேண்டியதில்லை. ஒரு வயதுக்குள் இருந்தாலோ, ஸ்கோலின் போடுவதாக இருந்தாலோ, நாடி ஏற்கெனவே மெதுவாக இருந்தாலோ யோசிக்கலாம். 168-ல் ஓடும் இந்தக் குழந்தைக்கு இழுத்து வைத்தால் போதும்.

பழைய குறிப்பேடுகளில் "குறைந்தது 0.1 மி.கி." என்று இருக்கும். 3 கிலோ குழந்தைக்கு 0.06 மி.கி. தேவைப்படும் இடத்தில் அந்த விதி ஒன்றரை மடங்குக்கு மேல் போடச் சொல்கிறது. டியூப் போடும்முன் கொடுக்கும் அட்ரோபினுக்குக் கீழ்வரம்பு தேவையில்லை என்று அமெரிக்க இதயக் கழகத்தின் 2015 வழிகாட்டல் மாற்றிவிட்டது.

அட்ரினலின்: இரண்டு சிரிஞ்ச், ஒரே அளவு

மருந்து உள்ளே போன பிறகு அழுத்தம் இறங்கினால் உடனே போட ஒரு சிரிஞ்ச், இதயம் நின்றால் போட இன்னொரு சிரிஞ்ச். தொடங்கும்முன் இரண்டும் தயாராக இருக்க வேண்டும்.

ஆம்ப்யூலில் 1 மி.லி.யில் 1 மி.கி. அதை 9 மி.லி. சலைனோடு கலந்தால் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம். இதுதான் இதயம் நின்றால் போடுவது. கிலோவுக்கு 0.01 மி.கி., நம் குழந்தைக்கு 0.12 மி.கி., அதாவது 1.2 மி.லி. அந்தச் சிரிஞ்சிலிருந்து 1 மி.லி.யை வேறொரு சிரிஞ்சில் எடுத்து மறுபடி 9 மி.லி. சலைன் சேர்த்தால் மி.லி.க்கு 10 மைக்ரோகிராம். அழுத்தம் இறங்கினால் இதில் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம், 12 மைக்ரோகிராம். எத்தனை மி.லி.? அதுவும் 1.2.

பத்து மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு மருந்து, ஒரே நிறமில்லாத நீர், ஒரே 10 மி.லி. சிரிஞ்ச், இழுக்கும் அளவும் ஒன்றே. இதயம் துடித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு முதல் சிரிஞ்சைப் போட்டால் அழுத்தம் விண்ணுக்கு ஏறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், நுரையீரலில் நீர் கோக்கக்கூடும். இழுத்த உடனே, அடுத்த ஆம்ப்யூலை உடைக்கும்முன், பிளாஸ்டரில் பெயரையும் மி.லி.க்கு எவ்வளவு என்பதையும் எழுதி ஒட்டுங்கள். "ADR" என்று மட்டும் எழுதினால் அது லேபிள் இல்லை. இதயம் நின்றால் போடும் சிரிஞ்சைத் தள்ளி வேறு ட்ரேயில் வையுங்கள்.

கேட்டமினும் ரோகுரோனியமும்கூட இப்போது மி.லி.க்கு 10 மி.கி. என்று ஒரே செறிவில், 1.2-ம் 1.4-மாக நிற்கின்றன. ரோகுரோனியம் முதலில் போய்விட்டால் குழந்தை விழித்தபடியே கை கால் அசைக்க முடியாமல் கிடக்கும். நான் கேட்டமினை 5 மி.லி. சிரிஞ்சிலும் ரோகுரோனியத்தை 2 மி.லி. சிரிஞ்சிலும்தான் இழுக்கச் சொல்வேன். கை தொட்டாலே வித்தியாசம் தெரியும்.

போடும் வரிசை

மூன்று நிமிடம் நூறு சதவீத ஆக்சிஜன். இந்தக் குழந்தை 86-லேயே நிற்பதால் ஆம்பு பேக்கில் மெதுவாக மூச்சுக் கொடுத்தே ஏற்ற வேண்டியிருக்கும். கேட்டமின் 1.2 மி.லி., சலைன். இடைவெளி விடாமல் ரோகுரோனியம் 1.4 மி.லி., சலைன். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நொடியைச் சத்தமாகச் சொல்லட்டும். 60-ல் தாடையை அசைத்துப் பாருங்கள், தளர்ந்திருந்தால் டியூப். கேப்னோகிராஃபில் அலை வர வேண்டும். மார்பு ஏறுகிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். இரத்த அழுத்தக் கஃப் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடட்டும். டியூப் போன முதல் ஐந்து நிமிடத்தில்தான் அழுத்தம் சரியும், ஏனென்றால் மருந்தோடு வென்டிலேட்டர் தள்ளும் காற்றும் மார்புக்குள் இரத்தம் திரும்புவதைத் தடுக்கிறது.

டியூப் ஒட்டியாகிவிட்டது, ஆக்சிஜன் 95, எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். இந்த நேரத்தில்தான் கடைசிக் கணக்கு மறந்துபோகும். கேட்டமின் பத்து, பதினைந்து நிமிடத்தில் இறங்கிவிடும். ரோகுரோனியம் 40 நிமிடமோ அதற்கு மேலோ நிற்கும். ஒரு வயதுக்குள் இன்னும் நீளும். இடைப்பட்ட நேரத்தில் குழந்தைக்கு எல்லாம் தெரியும், எதுவும் காட்ட முடியாது. நாடி ஏறும், அழுத்தம் ஏறும், சில சமயம் கண்ணோரம் நீர் வழியும். அழுத்தம் ஏறியதைப் பார்த்து "ஷாக் சரியாகிறது" என்று அட்ரினலினைக் குறைத்துவிடுபவர்களும் உண்டு.

ரோகுரோனியம் போன நேரத்தை டியூபை ஒட்டிய பிளாஸ்டரிலேயே எழுதுங்கள். பத்தாவது நிமிடத்தில், யாரும் கேட்காவிட்டாலும், கேட்டமின் கிலோவுக்கு 0.5 மி.கி.: 6 மி.கி., 0.6 மி.லி. நீர்த்த 5 மி.லி. சிரிஞ்சில் இன்னும் 3.8 மி.லி. மிச்சம் இருக்கிறது. ஃபென்டானில் சொட்டு கலந்து ஓடத் தொடங்கும்வரை அந்தச் சிரிஞ்சைக் குப்பையில் போட வேண்டாம்.